புதுப்பிப்பு: மேற்கோள் காட்டியும் சிக்கிய பத்தி

"மூலத்தைக் குறிப்பிட்டும் என் பத்தி ஏன் கருத்துத் திருட்டு ஆனது?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

சொற்களை மாற்றினால் போதும் என்ற நண்பரின் யோசனை பாதிதான் சரி; 'தூக்கக் குறைவு நினைவாற்றலைப் பாதிக்கிறது' என்பதை 'உறக்கமின்மை ஞாபகசக்தியைக் குலைக்கிறது' என்று நான் எழுதியதில் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருந்ததை மேற்பார்வையாளர் கோடிட்டுக் காட்டினார். மூலத்தை மூடிவைத்து, பத்தியின் முதல் வாக்கியத்தில் நான் வைத்த வாதத்துக்கு அது எப்படித் துணைநிற்கிறது என்று யோசித்தபின் இப்படி எழுதினேன்: 'பாடங்களை நினைவுகூரத் தடுமாறியவர்களில் பலர் குறைவாகத் தூங்கியவர்கள்; தூக்கம் ஒரு காரணமாக இருக்கலாம்.' மூல ஆய்வு காரணத்தை அல்ல, தூக்கத்துக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பை மட்டுமே அளந்திருந்ததால் அந்த 'இருக்கலாம்' அவசியம் என்றார் அவர். ஆனால் நான் எல்லா வாக்கியங்களிலும் அதைத் தூவியிருந்ததை அடித்துவிட்டார். மூலத்தின் பெயர் இப்போதும் உடன் நிற்கிறது.

தம் பழைய ஆய்வேட்டிலிருந்தே பத்திகளை எடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதற்கு அவருடைய துறையின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.