புதுப்பிப்பு: காட்பாடி வீட்டு மாடி ஷவர்

போன மாதம் கேட்டது: "டேங்க் அடி ஷவருக்கு 1.2 மீட்டர் மேல, பைப் 9 மீட்டர்தான், ஏன் தண்ணி மெதுவா வருது?"

பிளம்பர் அண்ணன் 20 மி.மீ. பைப்பை 25 ஆக்கச் சொன்னார், அது பாதி சரி. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஐயா, "பைப்பை மட்டும் அளந்தா எப்படிப்பா, வளைவையும் வால்வையும் பைப்பாவே மாத்திக் கூட்டு" என்றார். 20 மி.மீ.யில் ஒரு எல்போ 0.6 மீட்டர் பைப்புக்குச் சமம், ஏழு எல்போவுக்கு 4.2. கிளை பிரியும் டீ 1.2. குளோப் வால்வுக்குள் தண்ணீர் ஏறி இறங்கித் திரும்புவதால் ஒன்றே 6.8 மீட்டர், என்னிடம் இரண்டு! ஆக மொத்தம் 28 மீட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடினால் அதில் சுமார் 74 செ.மீ. உயரம் போய்விடும், 1.2 மீட்டரில் அது பாதிக்கும் மேல்.

சரி என்று பைப்பைத் தொடாமல் இரண்டையும் முழுத்துளை பால் வால்வாக மாற்றினேன். ஷவர் தலையைக் கழற்றி வைத்துப் பிடித்ததில் 15 லிட்டர் பக்கெட் முன்பு 75 விநாடி, இப்போது 62.

தலையை மாட்டினால் வித்தியாசம் குறைவுதான், அதன் பொடித் துளைகளே நிறைய தடுக்கின்றன. ஆரணி அக்கா தன் வீட்டில் உப்புதான் அடைத்தது என்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, இன்னும் திறந்து பார்க்கவில்லை. பம்ப் வாங்கச் சொன்னவருக்கு: ஐயா, நான் கேட்டது அதுவல்ல.