டிக்கெட் வாங்க வேண்டாம்: மஸ்ன்ட்டா, நீட்ன்ட்டா?

சயான் அப்பா:
பையன் ஒன்பதாவது படிக்கிறான். கிராமர் தாளில் ஒரு கோடிட்ட இடம்: "யூ ___ பை எ டிக்கெட் ஃபார் த சைல்ட். ஷீ இஸ் ஒன்லி ஃபோர்." மஸ்ன்ட், நீட்ன்ட் இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். 'டிக்கெட் வாங்க வேண்டாம்' என்று அர்த்தம் சொன்னது நான்தான். மஸ்ட் என்றால் வேண்டும், அப்போது மஸ்ன்ட் என்றால் வேண்டாம் என்று அவன் மஸ்ன்ட் எழுதினான். தப்பு போட்டுவிட்டார்கள். எங்கே பிசகு?

டோம்பிவிலி லோக்கல்:
அண்ணே, 5 வயது ஆகாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட்டே கிடையாது. 5 முடிந்து 12 ஆகும்வரை அரை டிக்கெட். வெளியூர் வண்டியில் அந்தப் பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் 2016-லிருந்து முழுக் கட்டணம். வயதைக் காட்ட ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். டி.சி. கேட்டால் வாக்குவாதம் இல்லாமல் போகும்.

சயான் அப்பா:
நன்றி தம்பி. டிக்கெட் விதி தெரியும். என் கேள்வி அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றி.

கல்யாண் கோச்சிங்:
நான் போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லாம் அழுத்தத்தைப் பொறுத்தது. மஸ்ட் உச்சம், அதற்குக் கீழே ஹேவ் டு, அதற்கும் கீழே ஷுட், ஆட் டு. அதே மாதிரி மஸ்ன்ட் கடுமையான மறுப்பு, நீட்ன்ட் மென்மையான மறுப்பு. குழந்தை டிக்கெட் சின்ன விஷயம், அதனால் மென்மையான நீட்ன்ட். பையனிடம் இப்படிச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான்.

மாட்டுங்கா டீச்சர்:
கோச்சிங் தம்பி சொன்ன ஏணியில் மேல் பாதி பரவாயில்லை. கீழே மறுப்புக்கு வந்ததும் அது உடைந்துவிடுகிறது. மஸ்ன்ட்டும் நீட்ன்ட்டும் ஒரே மறுப்பின் இரண்டு அளவுகள் இல்லை. அவை இரண்டு வேறு சேதிகள். இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"யூ ___ வேக் த பேபி. ஹி ஹேஸ் ஜஸ்ட் ஃபாலன் அஸ்லீப்." இப்போதுதான் தூங்கியிருக்கிறது, எழுப்பிவிடக் கூடாது. மஸ்ன்ட்.

"யூ ___ வேக் த பேபி. ஹி இஸ் ஆல்ரெடி அப்." ஏற்கெனவே விழித்துவிட்டது, எழுப்ப வேண்டியதில்லை. நீட்ன்ட்.

கோடு இருக்கும் வாக்கியம் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். விடையைத் தீர்மானித்தது அதற்கு அடுத்த வாக்கியம். குழந்தையை எழுப்புவது இரண்டாவதில் சின்ன விஷயமாகவும் முதலாவதில் பெரிய விஷயமாகவும் மாறிவிடவில்லையே. முதலாவதில் அந்தச் செயலே தடை. இரண்டாவதில் தடை எதுவும் கிடையாது, கட்டாயம் விலகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் பையனின் வாக்கியத்திலும் "ஷீ இஸ் ஒன்லி ஃபோர்" என்பதுதான் சாவி. நாலு வயதுப் பிள்ளைக்கு டிக்கெட் வாங்குவது குற்றமா? ஆசைப்பட்டு வாங்கினாலும் யாரும் பிடிக்கப்போவதில்லை. கட்டாயம் இல்லை என்பதுதான் சேதி. மஸ்ன்ட் போட்டால் 'வாங்கினால் தப்பு' என்று ஆகிவிடும்.

செம்பூர் மொழிபெயர்ப்பு:
டீச்சர், விடை சரி. ஆனால் அந்த அப்பா சொன்ன தமிழிலும் தப்பில்லை என்று பதிவு செய்ய விரும்புகிறேன். 'வாங்க வேண்டாம்' என்பது நல்ல தமிழ், அந்த இடத்துக்குப் பொருத்தமான தமிழும்கூட.

மாட்டுங்கா டீச்சர்:
தப்பே இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 'வேண்டாம்' இரண்டு வேலை செய்கிற சொல். அம்மா 'மழையில் வெளியே போக வேண்டாம்' என்றால் தடை. அதே அம்மா 'பால் வந்துவிட்டது, நீ கடைக்குப் போக வேண்டாம்' என்றால் தேவையில்லை என்று பொருள். நமக்குக் குரலும் சூழலும் போதும், குழப்பம் வருவதில்லை. ஆங்கிலம் இந்த இடத்தில் இரண்டு தனிச் சொல் வைத்திருக்கிறது. அதனால் பையன் 'வேண்டாம்' என்று மொழிபெயர்த்த அந்த நிமிஷமே, விடை சொல்லும் துப்பு கையைவிட்டுப் போய்விட்டது.

முப்பது வருஷம் நான் வகுப்பில் செய்தது இதுதான்: கோடிட்ட இடத்தில் 'வேண்டாம்' என்று நினைக்கவே விடமாட்டேன். ஒரு முறை 'கூடாது' வைத்துப் படி, ஒரு முறை 'வேண்டியதில்லை' வைத்துப் படி. 'நாலு வயதுதான், டிக்கெட் வாங்கக் கூடாது' காதில் இடிக்கிறதா? 'நாலு வயதுதான், டிக்கெட் வாங்க வேண்டியதில்லை' வழுக்கிக்கொண்டு போகிறதா? கூடாது என்றால் மஸ்ன்ட், வேண்டியதில்லை என்றால் நீட்ன்ட். நம் மொழியிலேயே இரண்டும் பிரிந்துதான் இருக்கின்றன. 'வேண்டாம்'தான் இரண்டையும் மூடிவைக்கிறது.

தாராவி அக்கா:
இதைப் படித்ததும் வயிறு எரிகிறது. எனக்கு இது இலக்கணம் இல்லை, ஒரு நாள் கூலி. போன மாதம் சர்க்கரை பரிசோதனைக்கு ஒரு சின்ன லேபுக்குப் போனேன். சீட்டில் ஆங்கிலத்தில் "யூ நீட் நாட் ஈட் எனிதிங் பிஃபோர் த டெஸ்ட்" என்று இருந்தது. என் மகள் படித்து 'சாப்பிட வேண்டியதில்லையாம்' என்றாள். வேண்டியதில்லை என்றால் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்றுதானே அர்த்தம்? உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போனேன். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மறுபடி லீவு.

மாட்டுங்கா டீச்சர்:
அக்கா, உங்கள் மகள் படித்தது முழுக்கச் சரி. சீட்டு எழுதியவர் 'சாப்பிட வேண்டாம்' என்று மனதில் நினைத்து, நீட் நாட் எழுதியிருக்கிறார். மஸ்ட் நாட் எழுதியிருக்க வேண்டும். பையன் செய்த பிழையேதான், எதிர்ப்பக்கமாக. நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். 'வராதே' என்று நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டு 'யூ நீட் நாட் கம்' என்று எழுதுவார்கள். மரியாதையாகத் தோன்றும். ஆனால் தடை சொல்ல வேண்டிய இடத்தில் அது தடையைச் சொல்வதில்லை.

கல்யாண் கோச்சிங்:
நான் சொன்னது சரியில்லை என்று இப்போது புரிகிறது, டீச்சர். ஒரு சந்தேகம். மஸ்ட்டும் ஹேவ் டுவும் கிட்டத்தட்ட ஒன்று என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அப்படியானால் மஸ்ன்ட்டும் டோன்ட் ஹேவ் டுவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

மாட்டுங்கா டீச்சர்:
இல்லை, எதிர்ப்பக்கம் போய்விடும். உடன்பாட்டில் தோளோடு தோள் நிற்கிற இரண்டும் மறுப்பு வந்ததும் பிரிந்துவிடுகின்றன. "யூ மஸ்ட் கோ", "யூ ஹேவ் டு கோ" இரண்டுக்கும் 'போக வேண்டும்' என்றே சொல்லலாம். "யூ மஸ்ன்ட் கோ" போகக் கூடாது. "யூ டோன்ட் ஹேவ் டு கோ" போக வேண்டியதில்லை. அதாவது டோன்ட் ஹேவ் டு சேர்வது நீட்ன்ட்டோடு. பேச்சில் இன்று நீட்ன்ட்டைவிட அதுதான் அதிகம் காதில் விழுகிறது. தாளில் நீட்ன்ட் இன்னும் வருகிறது.

இறந்தகாலத்திலும் கவனம். "எஸ்டர்டே ஐ ___ ஸ்டாண்ட் ஃப்ரம் தாதர் டு கல்யாண்" என்றால் மஸ்ட் நுழையவே முடியாது. 'நிற்க வேண்டியிருந்தது', ஹேட் டு. நேற்று என்ற சொல் இருந்தாலே கை தானாக அங்கே போக வேண்டும்.

செம்பூர் மொழிபெயர்ப்பு:
மஸ்ட் என்றால் பேசுபவரே போடும் கட்டாயம், ஹேவ் டு என்றால் வெளியிலிருந்து வரும் விதி என்று பிரிப்பார்களே. 'சிகரெட்டை விட்டாக வேண்டும்' என்று நானே தீர்மானித்தால் மஸ்ட், கம்பெனி விதிப்படி யூனிஃபார்ம் போடுவது ஹேவ் டு.

மாட்டுங்கா டீச்சர்:
அந்தச் சாய்வு உண்டு. ஆனால் அதை நம்பி ஒரு மதிப்பெண் வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வாக்கியங்களில் இரண்டுமே பொருந்தும். ஷுட்டும் ஆட் டுவும் பொருளில் இன்னும் நெருக்கம். அங்கே தாள் கேட்பது பெரும்பாலும் டு இருக்கிறதா என்பதைத்தான். கோட்டுக்கு அப்புறம் டு அச்சிட்டிருந்தால் ஷுட் விழுந்துவிடும், ஆட் நிற்கும். நீட்ன்ட்டுக்குப் பிறகு டு வரவே வராது. "ஹி நீட்ன்ட் டு கோ" என்று எழுதுகிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள்.

கல்யாண் கோச்சிங்:
"யூ ___ சீ எ டாக்டர் அபவுட் தட் காஃப்." என் புத்தகத்தில் விடை ஷுட். ஒரு மாணவி மஸ்ட் எழுதினாள். நான் தப்பு போட்டேன். அறிவுரைக்கு ஷுட் தானே?

செம்பூர் மொழிபெயர்ப்பு:
மூன்று வாரமாக இருமுகிற அப்பாவிடம் நான் மஸ்ட் என்றுதான் சொல்வேன். அதுவும் அறிவுரைதான். தடுமன் பிடித்த நண்பனிடம் ஷுட். இருமல் எத்தனை நாளாக என்று வாக்கியம் சொல்லவில்லையே. அந்த மாணவிக்கு மதிப்பெண் கொடுங்கள்.

கல்யாண் கோச்சிங்:
தேர்வு திருத்துபவர் கொடுப்பாரா? அவர் கையில் ஒரே விடைதான் இருக்கும். அதைப் பழக்காமல் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மாட்டுங்கா டீச்சர்:
நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. கேள்வி போட்டவர் இன்னொரு வாக்கியம் சேர்த்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

சயான் சார், பையனுக்கு இந்த இரண்டையும் கொடுங்கள். "யூ ___ சேஞ்ச் அட் தாதர். திஸ் டிரெயின் கோஸ் டு சர்ச்கேட்." "யூ ___ கெட் ஆஃப் ஹியர். த டிரெயின் இஸ் ஸ்டில் மூவிங்."

சயான் அப்பா:
கொடுத்தேன் டீச்சர். வாய்விட்டு 'மாற வேண்டியதில்லை, இறங்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு நீட்ன்ட், மஸ்ன்ட் எழுதினான். முந்தைய தாளில் இருந்த மற்ற இரண்டையும் அவனே திருத்திவிட்டான்.

தாராவி அக்கா:
டீச்சர், எனக்கும் ஒன்று. இரண்டாம் நாள் எட்டு மணி நேரம் பட்டினி கிடந்து போனேன். அந்த முறை டாக்டர் எழுதியிருந்தது மூன்று மாதச் சர்க்கரை பார்க்கும் டெஸ்ட், அதற்கு வெறும் வயிறே தேவையில்லையாம். 'பட்டினி கிடந்திருக்க வேண்டியதில்லை' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மகள் "டிட்ன்ட் நீட் டு ஃபாஸ்ட்" என்கிறாள்.

மாட்டுங்கா டீச்சர்:
மகள் சொல்வது தப்பில்லை. ஆனால் அதில் நீங்கள் பட்டினி கிடந்தீர்களா இல்லையா என்பது தெரியாது. "ஐ நீட்ன்ட் ஹேவ் ஃபாஸ்டட்" என்று சொல்லுங்கள். பட்டினி கிடந்ததும், அது வீணாய்ப் போனதும் இரண்டும் அதில் வந்துவிடும்.

தாராவி அக்கா:
அப்போது இதுதான் வேண்டும். லேபுக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம், மகள் உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் சீட்டையும் சேர்த்து ஒட்டி, அதில் நீட் நாட்டை மஸ்ட் நாட் என்று மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறோம்.