மார்ச்சில் வந்த டிக்கெட் பணம், ஏப்ரலில் நடக்கும் கச்சேரி

நிகழ்ச்சி அமைப்பாளர்: எங்கள் சிறு நிறுவனம் ஏப்ரல் 20 அன்று சென்னையில் இன்னிசை நிகழ்ச்சி நடத்துகிறது. மார்ச் 31-க்குள் 1,500 டிக்கெட் விற்றாகிவிட்டது. வரி நீங்கலாக ஒன்று ரூ.1,000. இந்த 15 லட்சத்தை இந்த ஆண்டு வருவாயாகக் காட்டலாமா?

வரி ஆலோசகர்: காட்டத்தான் வேண்டும். டிக்கெட்டிலேயே 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருப்பீர்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.2.7 லட்சத்தையும் பணம் வந்த மாதக் கணக்கிலேயே கட்டியாக வேண்டும். வரிப் படிவத்தில் ஏறிய தொகை வருவாயில் இல்லாவிட்டால் துறையிலிருந்து கேள்வி வரும்.

தணிக்கையாளர்: ஜிஎஸ்டி பற்றி ஐயா சொன்னது சரி, சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே வரி உண்டு. ஆனால் வரி விழும் நாள் வேறு, வருவாய் பிறக்கும் நாள் வேறு. உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குப் பொருந்தும் கணக்கியல் தரநிலையான ஏ.எஸ். 9, நுழைவுக் கட்டணத்தை நிகழ்ச்சி நடக்கும்போதே வருவாயாகக் கொள்ளச் சொல்கிறது. அதுவரை அந்த 15 லட்சம், வாடிக்கையாளரிடம் பெற்ற முன்பணமாக, நடப்புப் பொறுப்புகளின் கீழ் நிற்கட்டும். திருப்பித் தரமாட்டோம் என்ற வாசகம், டிக்கெட் வாங்கியவர் மனம் மாறினால்தான் உதவும். பாடகர் வராமல் நீங்களே ரத்துசெய்தால் அந்தப் பணம் அவர்களுடையது. 20-ஆம் தேதி நிகழ்ச்சி நடந்து முடிந்தால், டிக்கெட் வாங்கியும் வராதவர்களின் காலி நாற்காலிகள் உட்பட முழுத் தொகையும் அன்றே வருவாயாகிவிடும். அரங்கத்துக்கு மார்ச்சில் கொடுத்த முன்பணத்தையும் அதுவரை செலவில் எழுதாதீர்கள். மார்ச்சில் பெரிய லாபமும் ஏப்ரலில் வெறும் செலவும் தெரிந்தால், இந்த இடத்தில்தான் தவறு நடந்திருக்கும். வரிப் படிவத்துக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குறிப்பாக எழுதி வைத்தால் போதும். ஜிஎஸ்டி கணக்கையும் நிறுவனக் கணக்கையும் ஒப்பிட்டுக் காட்ட பெரிய நிறுவனங்கள் நிரப்பும் GSTR-9C படிவத்தில், ஆண்டு இறுதியில் சரிக்கட்டப்படாத முன்பணத்துக்கென்றே ஒரு தனிக் கட்டம் இருக்கிறது.

சபா செயலாளர்: எங்கள் சபாவில் மார்ச் 30, 31, ஏப்ரல் 1 ஆகிய மூன்று மாலைகளுக்கும் சேர்த்து ரூ.2,400-க்கு ஒரே டிக்கெட் விற்றோம். தனித்தனியே வாங்கினால் ரூ.500, 500, 2,000. கணக்கர் அனைத்தையும் முதல் நாளே வருவாயில் எழுதிவிட்டார். மூன்றாம் நாள் மழை கொட்டித் திறந்தவெளி மேடை நனைந்துபோக, தலைக்கு ரூ.800 திருப்பிக் கொடுத்தோம்.

வரி ஆலோசகர்: முதல் நாளே எழுதியது தவறு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒரே டிக்கெட், மூன்று மாலை என்பதால் சமமாக ரூ.800 வீதம் பிரித்தது நியாயமே.

தணிக்கையாளர்: முறையான, பொருத்தமான அடிப்படையில் பங்கிட வேண்டும் என்பதே விதி. தனிவிலை விகிதப்படி ரூ.400, 400, 1,600 என்றுதான் நான் பிரிப்பேன். கூட்டம் வந்தது மூன்றாம் நாள் பாடகருக்காக அல்லவா? மார்ச் 31 அன்று உங்கள் பொறுப்பு தலைக்கு ரூ.1,600. மீதி ரூ.800 வேண்டாம் என்று ரசிகர்கள் யாராவது எழுதிக் கொடுத்தார்களா?

சபா செயலாளர்: எழுதி வாங்கவில்லை. பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இருவர் மட்டும் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.