கிரெடிட் காட்டின் முழுத் தொகையும் நேரத்துக்குக் கட்டுகிறேன், ஆனாலும் கிரெடிட் ஸ்கோர் இறங்குகிறது. ஸ்டேட்மென்டுக்கு முன்னமே கட்ட வேணுமா?

குளக்கட்டு:
ரொறன்ரோவில் வேலை. மூன்று மாதமாகப் புதுக்குடியிருப்பில் அம்மாவின் வீட்டுக் கூரையை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். தகரம், மரம், சீமெந்து எல்லாம் கிளிநொச்சியில் கனடாக் கிரெடிட் காட்டில்தான் எடுக்கிறேன். மாதாமாதம் கட்ட வேண்டிய கடைசித் திகதிக்கு முன் முழுதும் கட்டிவிடுவேன், ஒரு சதம் வட்டி இல்லை. ஆனால் ஈக்குவிபாக்ஸ் ஸ்கோர் 762இலிருந்து 718க்கு வந்துவிட்டது. திரும்பிப் போனதும் வாகனக் கடன் எடுக்க வேணும்.

கடைசி ஸ்டேட்மென்டுகள்: முதல் காட் 2,000 டொலர் எல்லையில் 1,800. இரண்டாவது 5,000இல் 1,500. மூன்றாவது 8,000இல் 900. மொத்தம் 15,000க்கு 4,200, அதாவது 28 வீதம். எல்லையில் முப்பது வீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள், தாண்டவில்லையே?

முறிகண்டி:
நேரத்துக்குக் கட்டினால் ஸ்கோர் இறங்காது, வேறு ஏதோ காரணம். அந்தச் சின்னக் காட்டை மூடிவிடு தம்பி, தலையிடி குறையும்.

செட்டிகுளம்:
எனக்கும் இதே கதை. இங்கே ஒரு வங்கியில் லீசிங் கேட்டபோது, இலங்கையின் கடன் தகவல் பணியகமான கிறிப்பின் அறிக்கையில் பழைய காட் பாக்கி கிடக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலில் கிறிப்பில் எடுத்துப் பாருங்கள்.

குளக்கட்டு:
அண்ணை, என் காட் மூன்றும் கனடாவுடையவை. கிறிப்புக்கு அவை தெரியாது.

பழைய காசாளர்:
ஸ்காபரோவில் பல வருடம் கடன் பிரிவில் இருந்தேன், இப்போது வவுனியாவோடு. முறிகண்டி சொல்வதில் பாதி சரி. நேரத்துக்குக் கட்டுவதுதான் ஸ்கோரில் பெரிய பங்கு. ஆனால் தம்பி கேட்பது வேறு. காட்காரர் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் மூடும் நாளில் இருக்கும் தொகையைத்தான் ஈக்குவிபாக்ஸ் போன்ற கடன் பீரோவுக்கு அனுப்புவார். பிறகு மூன்று கிழமை கழித்து நீ முழுதும் கட்டினாலும், அங்கே பதிந்து கிடப்பது 1,800தான்.

மொத்தம் 28 என்று பார்த்து ஆறுதல் பட்டுவிட்டாய். ஒவ்வொரு காட்டையும் தனியாகவும் பார்ப்பார்கள். உன் முதல் காட் 90 வீதத்தில் நிற்கிறது. எனக்கு அதில்தான் சந்தேகம். ஸ்டேட்மென்டுக்கு முன் அதில் 1,700 கட்டினால் 100 மட்டும் பதியும், அந்தக் காட் 5 வீதம். மொத்தமும் 2,500 ஆகி ஏறக்குறைய 17 வீதத்துக்கு வந்துவிடும். மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம்.

காட்டை மூடாதே. மூடிவிட்டு அதே செலவை மற்றதில் போட்டால் 13,000க்கு 4,200, முப்பத்திரண்டைத் தாண்டும்.

குளக்கட்டு:
செய்து பார்த்தேன், சறுக்கிவிட்டது. 14ஆம் திகதி ஞாயிறு ஸ்டேட்மென்ட். வெள்ளி இரவு சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்று, வேறு வங்கிக் கணக்கிலிருந்து 1,700 அனுப்பினேன். கணக்கில் உடனே குறைந்தது. காட்டில் செவ்வாய்தான் ஏறியது. ஸ்டேட்மென்டில் பழையபடி 1,800.

பழைய காசாளர்:
வேறு வங்கியிலிருந்து போனால் இரண்டு மூன்று வேலை நாள் பிடிக்கும். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. அனுப்பிய நாளைப் பார்க்காதே, காட்டில் பதிந்த நாளைப் பார். அடுத்த முறை ஒரு கிழமை முன்னுக்கே அனுப்பு. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் தகரம் வாங்கக் கூடாது, சரியா? வாங்கினால் மறுபடி ஏறும்.

இந்த முறை காசு வீண் போகவில்லை, இந்த ஸ்டேட்மென்டின் கட்டணமாகவே சேரும். மீதி 100ஐயும் கடைசித் திகதிக்குள் கட்டிவிடு. அடுத்த மாதம் கதை மாறும். ஸ்டேட்மென்டுக்கு முன் கட்டுவது புது ஸ்டேட்மென்டின் குறைந்தபட்சத் தொகைக்குச் சேராது. மீதி 100தானே என்று விட்டால் தாமதம் என்று பதிந்துவிடும். அது இந்த 90 வீதத்தைவிடக் கெட்டது. 90 வீதம் அடுத்த மாதப் பதிவோடு மறையும், தாமதம் வருடக்கணக்கில் கிடக்கும்.

முறிகண்டி:
அப்போ மாதாமாதம் இந்தக் கூத்து ஆட வேணுமா?

பழைய காசாளர்:
கடன் கேட்கப் போகும் மாதத்துக்கு முன் ஒன்று இரண்டு மாதம் போதும். மற்றப்படி வழமைபோல் கடைசித் திகதிக்குக் கட்டு.

குளக்கட்டு:
அடுத்த மாதம் 5ஆம் திகதியே அனுப்பினேன், 8இல் பதிந்தது. ஸ்டேட்மென்ட் 112 டொலர். ஸ்கோர் 741. ஆனால் மூன்றாவது காட் அறிக்கையில் ஸ்டேட்மென்ட் தொகையைக் காட்டவில்லை, வேறொரு எண் நிற்கிறது.

பழைய காசாளர்:
அறிக்கையில் அந்தக் காட்டுக்கு நேரே கடைசியாகப் பதிந்த திகதி இருக்கும், அதைப் பார். சிலர் மாதக் கடைசியில் அனுப்புவார்கள். அப்படியென்றால் அந்தக் காட்டுக்கு ஸ்டேட்மென்ட் திகதியை நம்பிப் பிரயோசனம் இல்லை.

குளக்கட்டு:
30ஆம் திகதி என்று போட்டிருக்கிறது. ஆனால் அன்றைக்குக் காட்டில் இருந்ததற்கும் அந்த எண்ணுக்கும் இன்னும் 40 டொலர் வித்தியாசம். கீற்றுப் பந்தலுக்குக் கொடுத்த காசு அன்று பதியாமல் இருந்ததோ தெரியவில்லை.