20 விழுக்காடுதானே என்று கையெழுத்துப் போட்டேன்

பெட்டிக்காரர்:

அட்டைப்பெட்டி தயாரிப்பு. 11 வருடம் தனியாளாக நடத்தினேன், போன வருடம்தான் வெளி முதலீடு வாங்கினேன். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இங்கே நிறைய இருப்பதால் எழுதுகிறேன். பணம் வந்தது, தொழில் வளர்ந்தது, அதில் குறை இல்லை. என்ன கொடுத்தேன் என்பது மட்டும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

முதலில் பங்கு. "உங்கள் நிறுவனம் இன்றைக்கு 80 பெறும், நான் 20 போடுகிறேன், மொத்தம் 100, எனக்கு 20 விழுக்காடு" என்றார் முதலீட்டாளர். எனக்கு 80 விழுக்காடு மிஞ்சும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்துக்கு முன்பு நிபந்தனைகளை எழுதித் தரும் டேர்ம் ஷீட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வருங்கால ஊழியர்களுக்காக மொத்தத்தில் 10 விழுக்காடு பங்கை ஒதுக்க வேண்டும், அதையும் முதலீடு வருவதற்கு முன்பே ஒதுக்க வேண்டும். அதாவது அந்த 10 முழுக்க என் பக்கத்திலிருந்து போகிறது. அவருக்கு 20, ஒதுக்கீடு 10, எனக்கு 70. முதலீடு வந்தபிறகு ஒதுக்கியிருந்தால் இருவரும் சேர்ந்து குறைந்திருப்போம்: எனக்கு 72, அவருக்கு 18. இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் 80 என்று மதிப்புப் போட்ட என் தொழிலுக்கு அவர் உண்மையில் கொடுத்த மதிப்பு 70.

ஆனால் பங்கு போனது எனக்குப் பெரிய அடியாகத் தெரியவில்லை. அடி விழுந்தது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில். "கீழ்க்கண்டவற்றுக்கு முதலீட்டாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்" என்று 17 விஷயங்கள். புதுப் பங்கு வெளியிடுவது, நிறுவனத்தை விற்பது எல்லாம் நியாயம்தான், யாரும் கேட்பார்கள். அதே பட்டியலில் பட்ஜெட்டில் இல்லாத இயந்திரம், ஒரு வரம்புக்கு மேல் கடன், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் ஆள் எடுப்பது, குடும்பத்தாரோடு எந்தக் கொடுக்கல்வாங்கலும் என்று போய்க்கொண்டே இருந்தது. சம்பிரதாயம் என்று நினைத்துப் புரட்டிவிட்டேன்.

ஐந்தாம் மாதம் பழைய டை கட்டிங் இயந்திரம் ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வந்தது. விற்பவர் ஆறு நாள் அவகாசம் கொடுத்தார். பட்ஜெட்டில் இல்லை என்பதால் ஒப்புதல் கேட்டு எழுதினேன். அவர்களுடைய குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கூடுமாம். அதற்குள் இயந்திரம் போய்விட்டது. நான்கு மாதம் கழித்து அதே வகையைப் புதிதாக வாங்கினேன். என்ன விலைக்கு என்று கேட்காதீர்கள். இன்னொன்று, கிடங்கு என் மனைவி பெயரில் இருக்கிறது. அதன் வாடகையை உயர்த்தவும் முதலீட்டாளரிடம் மனுப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது.

நிமிர்ந்த தோள்:

இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. 51 விழுக்காடு கையில் இருந்தால் உங்களை யாரும் அசைக்க முடியாது. 70 வைத்துக்கொண்டு ஏன் புலம்புகிறீர்கள்?

சாய்வு நாற்காலி:

வங்கியில் தவணை எவ்வளவு ஐயா கட்டுகிறீர்கள்? வட்டி விவரம் சொன்னால் உதவியாக இருக்கும், நானும் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பெட்டிக்காரர்:

இது கடன் இல்லை ஐயா, தவணையும் வட்டியும் கிடையாது. கடன் என்றால் கட்டி முடித்ததும் அவர் போய்விடுவார். இவர் போகமாட்டார்.

ஒப்பந்தம் படிப்பவள்:

நான் இந்த ஒப்பந்தங்களைப் பக்கம் பக்கமாகப் படித்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். 51 பற்றிச் சொன்னவர் பாதி சரி. சாதாரணத் தீர்மானத்துக்கு ஓட்டெடுத்தால் பெரும்பான்மை ஜெயிக்கும். ஆனால் பெட்டிக்காரர் சொல்லும் 17 விஷயங்கள் ஓட்டுக்கே வராது. அவை ஒப்பந்தத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் வீட்டோ. 99 வைத்திருந்தாலும் அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் நகர முடியாது. இயக்குநர்கள் கூடி முடிவெடுக்கும் போர்டிலும் அப்படித்தான். அங்கே ஒரு நாற்காலிக்கு ஒரு ஓட்டு, பங்கு அளவு கணக்கில்லை. யாருக்கு எத்தனை நாற்காலி என்பதைத் தனியாகப் பேச வேண்டும்.

பட்டியலே கூடாது என்று மறுத்தால் பேச்சு முறிந்துவிடும். நான் பொதுவாக மூன்று இடத்தில் பேரம் பேசச் சொல்வேன். ஒன்று, பட்ஜெட்டைவிட 10 விழுக்காடு வரை கூடினால் ஒப்புதல் தேவையில்லை என்று எழுதுவது. இரண்டு, ஏழு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வது. மூன்று, முதலீட்டாளரின் பங்கு ஒரு அளவுக்குக் கீழே போனால் வீட்டோவும் போய்விடுவது. அந்த இயந்திர விஷயத்தில் உங்களுக்கு ஏழு நாள் விதியும் உதவியிருக்காது, ஆறே நாள்தானே. இயந்திரத்துக்கென்று பட்ஜெட்டிலேயே ஒரு தொகையைப் பெயர் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருக்கலாம்.

மூடிய கடை:

ஏழு நாள் விதியை நானும் கேட்டேன், எங்கள் முதலீட்டாளர் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். ஆளுக்கு ஆள் மாறும் போலிருக்கிறது.

என் கதை வேறு. விற்கும் நாள் வரை நான் எதையும் உணரவில்லை. அவர் 20 போட்டு 20 விழுக்காடு எடுத்தார், எனக்கு 80. தொழில் நினைத்தபடி போகவில்லை, 40-க்கு விற்றோம். அவருக்கு 8 போகும், எனக்கு 32 என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒப்பந்தப்படி அவர் போட்ட 20-ஐ முதலில் எடுத்துக்கொண்டார். மீதி 20-லும் தன் விழுக்காட்டுக்கு 4. ஆக அவருக்கு 24, எனக்கு 16. 80 விழுக்காட்டுக்காரன் நான்!

ஒப்பந்தம் படிப்பவள்:

போட்டதையும் எடுத்து மீதியிலும் பங்கு கேட்கிற வகை அது. போட்டதை எடுப்பது அல்லது பங்கை எடுப்பது, இரண்டில் ஒன்று மட்டும் என்று எழுதியிருந்தால் அவர் 20-ஓடு நின்றிருப்பார், உங்களுக்கும் 20 வந்திருக்கும். நல்ல விலைக்கு விற்றால் இந்த வரி அவ்வளவு உறைக்காது. விலை குறையக் குறையத்தான் கடிக்கும்.

நிமிர்ந்த தோள்:

சரி, போர்டும் வீட்டோவும் எனக்குப் புதிது. ஆனால் மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்புவதெல்லாம் ஒரு பாரமா? அதையும் குறை சொல்வார்களே.

பெட்டிக்காரர்:

அனுப்பிப் பார்த்தால் தெரியும். மாதம் முடிந்து 15 நாளுக்குள் லாப நட்டம், கையிருப்பு, 90 நாளைத் தாண்டிய பாக்கி, பட்ஜெட்டுக்கும் நடப்புக்கும் வித்தியாசம், அதற்குக் காரணம். என் கணக்கு வருடக் கடைசியில் ஆடிட்டர் வந்தால்தான் உருப்பெறும். மாதம் முடிக்க வேண்டுமென்றால் காகித ரீல்களை எண்ண வேண்டும், பாதி வெட்டிய ரீலுக்கு எடை போட வேண்டும், வராத பில்லுக்கு மதிப்பு வைக்க வேண்டும். இதற்கே முழுநேரக் கணக்கர் ஒருவரை எடுத்தேன். அந்தச் சம்பளத்தை முதலீடு வாங்கும்போது யாரும் செலவாகக் காட்டவில்லை. முதல் மாதம் 23-ஆம் தேதி அனுப்பினேன், "தாமதம் ஒப்பந்த மீறலாகக் கருதப்படலாம்" என்று இரண்டு வரி மெயில் வந்தது. 11 வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது ரிப்போர்ட்டில் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: விற்பனையில் 43 விழுக்காடு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதே, அவர் போனால்? எனக்கு அந்த எண்ணே தெரியாது. பெரிய ஆர்டர் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்று அது 30-க்கு இறங்கியிருக்கிறது. கேட்கிற தோரணை பிடிக்கவில்லை, கேள்வி சரி.

மூடிய கடை:

ஊழியர் ஒதுக்கீட்டில் யாருக்காவது பங்கு கொடுத்தீர்களா, இல்லை அப்படியே இருக்கிறதா? கொடுக்காமல் மிஞ்சியது விற்கும்போது யார் பக்கம் சேரும் என்று எனக்கு இன்றுவரை குழப்பம்.

பெட்டிக்காரர்:

இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், இன்றைக்கு முடியாது. 12-ஆம் தேதி ஆகிவிட்டது, கிடங்கில் இன்னும் இரண்டு வரிசை ரீல் எண்ணாமல் கிடக்கிறது.