மறு: காத்திருப்பறை, மறையரட்டை: நாளைக்குள் சொல் வேண்டும்

மணிமாறன்:
வணக்கம். காணொளியில் குழு நேர்காணல் நடத்துவோருக்கான கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் நிற்கிறேன். விண்ணப்பதாரர்களை உள்ளே விடும்வரை நிறுத்திவைக்கும் இடத்துக்குக் 'காத்திருப்பறை' என்றும், கேள்வி கேட்பவர்கள் தங்களுக்குள் மட்டும் எழுதிக்கொள்வதற்கு 'மறையரட்டை' என்றும் போட்டிருக்கிறேன். சரிதானா?

ஞானவேல்:
உக்குறள் மெய்விட்டு ஓடிவிட்டது, புணர்ச்சியில் பழுதில்லை. ஆனால் கைப்பேசித் திரையில் வரி உடைந்தால் 'காத்திருப்' மேலே நிற்கும், கீழே 'பறை' கொட்டும்! 'வாயில்' இருக்க அறை எதற்கு? தொல்காப்பியர் கற்பியலில் தலைவனுக்காகத் தலைவியிடம் தூது வரும் தோழி, பாணன், விறலியர் எல்லாரும் வாயில்களே. உள்ளே விடாமல் திருப்புவது வாயில் மறுத்தல். பொத்தானுக்கே 'வாயில் மறு' என்று வைக்கலாம்.

ரஹீம்:
குழு நேர்காணல் என்றால் விண்ணப்பதாரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுவதுதானே? அவர்கள் ஏன் வெளியே காத்திருக்க வேண்டும்?

செந்தாமரை:
ரஹீம், அது குழு விவாதம். இங்கே குழுவாக இருப்பவர்கள் கேட்பவர்கள்; பதில் சொல்பவர் ஒருவர்.

ஐயா, வாயில் என்பது கடந்துபோகும் இடம். இங்கே ஆட்கள் தங்குகிறார்கள், திரும்பியும் வருகிறார்கள். மூன்று பேர் கேட்கிறார்கள், நான்கு பேர் வருகிறார்கள், எல்லாருக்கும் ஒரே இணைப்பு, ஆளுக்கு 20 நிமிடம் என்று வையுங்கள். முதலாமவர் முடித்ததும் அவர் உண்மையில் வெளியேறிவிட்டாரா என்று பங்கேற்பாளர் பட்டியலில் பார்த்த பிறகே மதிப்பெண் பேச்சைத் தொடங்க வேண்டும். கேமராவை அணைத்துவிட்டு இணைப்பிலேயே இருப்பவர்கள் உண்டு. பேச்சு முடிந்தபின் அடுத்தவரை விடுங்கள். இரண்டாமவருக்கு நடுவில் இணையம் அறுந்தால், திரும்பி வரும்போது காத்திருப்பில்தான் விழுவார். எல்லாரும் அவர் முகம் உறைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரை உள்ளே விட ஆளிருக்காது. அந்தப் பட்டியலைப் பார்ப்பது ஒருவரின் வேலை என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். அதில் பெயருக்குப் பதில் கைப்பேசி மாடல் தெரிவதும் வழக்கம். பதிவெண்ணோடு பெயரிட்டு வரச் சொல்லி முன்னதாகவே எழுதுங்கள்.

ஆகவே அறையின் பெயரைவிட இரண்டு பொத்தான்களின் பெயர் முக்கியம். 'காத்திருப்புக்கு அனுப்பு' என்றால் மீண்டும் அழைக்கலாம். 'அகற்று' என்றால், சில செயலிகளில் அமைப்பை மாற்றியிருந்தால் ஒழிய, அதே கூட்டத்துக்குள் அவர் திரும்பி வர முடியாது. இரண்டுக்கும் 'வெளியேற்று' என்று போட்டால் ஆளை இழப்பீர்கள்.

கவிதா:
மறையரட்டைக்குத் தனிச்சொல்லே தேவையில்லை. மூவரையும் இணை நடத்துநர் ஆக்கிவிட்டால் அவர்களுக்குத் தனி அரட்டை தானாக வந்துவிடுமே.

செந்தாமரை:
பாதி சரி. இணை நடத்துநர் ஆனால் ஆளை உள்ளே விடும் உரிமை வரும். அரட்டை அப்படியில்லை. நடத்துநர்களுக்கு மட்டும் என்ற தெரிவு எல்லாச் செயலியிலும் கிடையாது. பலவற்றில் எல்லாருக்கும் அனுப்பலாம், இல்லையென்றால் ஒருவருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். சிலவற்றில் காத்திருப்போர் அனைவருக்கும் அனுப்பும் தெரிவும் அதே 'பெறுநர்' பட்டியலில் இருக்கும். "இவர் வேண்டாம்" என்று எழுதியது வெளியே காத்திருப்பவர்களுக்கோ, எதிரே பேசிக்கொண்டிருப்பவருக்கோ போய்ச் சேரும் இடம் அதுதான். அழைப்போடு ஒட்டிய அரட்டை கூட்டம் முடிந்தும் அழியாமல் நிற்கிற செயலிகளும் உண்டு.

அதனால் கேட்பவர்கள் மூவரும் வேறொரு செயலியில், கைப்பேசியில் குழு வைத்துக்கொள்வதே நல்லது. கணினியில் வைத்தால் திரையைப் பகிரும்போது அறிவிப்பு மேலே எட்டிப்பார்க்கும்.

ஞானவேல்:
அரட்டை என்பதே 'அரற்று' என்பதிலிருந்து வந்தது. அரற்றுவது புலம்பல். நேர்காணலில் யார் புலம்புகிறார்கள்? 'உசாவல்' என்க. உசாத்துணை என்ற சொல் எவ்வளவு அழகு!

கவிதா:
அரற்று வேர் என்பதற்குச் சான்று தாருங்கள் ஐயா. 'உசாவல்' என்று பொத்தானில் போட்டால் உதவிக்குறிப்பு என்று நினைத்து அழுத்துவார்கள்.

செந்தாமரை:
'மறை' என்பதும் ஆபத்து. யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையைத் தருகிறது. யாரிடமிருந்து மறைவு என்று சொல்வதில்லை. யார் படிப்பார்கள் என்பது பெயரிலேயே தெரியட்டும்: 'நடத்துநர் அரட்டை'.

ரஹீம்:
நடத்துநர் என்றால் பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர்.

மணிமாறன்:
'கேட்போர் அரட்டை' என்று வைக்கலாமா?

கவிதா:
கேட்போர் என்றால் காதால் கேட்பவர்களும்தான். விண்ணப்பதாரரும் அதில் சேர்ந்துவிடுவார்.

மணிமாறன்:
நேரமில்லை. காத்திருப்பறை, காத்திருப்புக்கு அனுப்பு, அகற்று, நடத்துநர் அரட்டை. காத்திருப்பறை நடுவில் வரி உடையாமல் இருக்க வழி உண்டா என்று வடிவமைப்பாளரிடம் கேட்கிறேன். பெறுநரைப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லும் எச்சரிக்கையைத் தனிப்பெட்டியில் போடுகிறேன்.

ஞானவேல்:
போடுங்கள். 'வாயில் மறு' என்பதை அடுத்த பதிப்பில் மீண்டும் எடுப்பேன்.