சுருட்டை முடி அட்டவணை: 3ஏ-வா, 3சி-யா?

தக்கலை வாசகி:
பத்து வயது மகளுக்குச் சுருட்டை முடி. பார்லரில் முடிவகை அட்டவணையைப் பார்த்து 3சி என்றார்கள். கிரீம் விற்கும் ஒரு தளத்தின் படங்களோடு ஒப்பிட்டால் 3ஏ போலத் தெரிகிறது. எது சரி? இந்த அட்டவணையே பாரபட்சமானது என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதில் உண்மை உண்டா?

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:
பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நேர்முடி 1, அலைமுடி 2, சுருட்டை 3, மிக நெருங்கிய சுருள் 4 என்ற வரிசையும், அவற்றுக்குள் ஏ, பி, சி என்ற பிரிவுகளும் எங்கள் வேலைக்கு மிகவும் உதவுகின்றன. வாடிக்கையாளர் நாற்காலியில் அமர்ந்தவுடன் எந்த அளவு சீப்பு, எவ்வளவு கண்டிஷனர் என்று முடிவு செய்ய ஏதாவது ஒரு பொதுமொழி வேண்டும். தரையில் வரையும் தடித்த சாக்பீஸ் பருமன் சுருள் 3ஏ, பென்சில் பருமன் என்றால் 3சி. இதில் பாரபட்சம் எங்கே வந்தது? முடிக்குச் சாதியும் இல்லை, நிறமும் இல்லை.

வரலாற்று மாணவன், நாகர்கோவில்:
அக்கா, வந்த வழியைப் பார்த்தால் தெரியும். ஆய்கன் ஃபிஷர் என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் 1908-இல் இன்றைய நமீபியாவில் ரெஹோபோத் என்ற இடத்துக் கலப்பினக் குடும்பங்களை அளந்து ஆராய்ந்தார். முடிக்கென்று ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். தென்னாப்பிரிக்காவில் 1950-இல் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் வந்த பிறகு, தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை என்று தீர்மானித்த கொடுமையும் நடந்தது. இன்றைய அட்டவணை அந்த அளவுகோலிலிருந்து நேராகப் பிறந்ததுதான்.

முடி ஆய்வகத்தில் இருந்தவர்:
தம்பி சொன்ன இரண்டு நிகழ்வுகளும் உண்மை, ஆனால் கடைசி வாக்கியம் அவற்றிலிருந்து வரவில்லை. ஃபிஷர் பெயரால் அறியப்படும் அளவுகோல் முடியின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. அதைச் சுருளளவு என்று பலரும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். இன்று பார்லர்களில் தொங்கும் அட்டவணையின் அடிப்படை 1997-இல் வெளியானது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் முடியலங்காரக் கலைஞரும் தாமே கறுப்பின அமெரிக்கருமான ஆண்ட்ரே வாக்கர் அதை அமைத்தார். அவர் ஃபிஷரைப் பார்த்து எழுதினார் என்பதற்கு நான் எந்த ஆதாரத்தையும் கண்டதில்லை. பாரபட்சத்தைக் காண அந்தச் சங்கிலி தேவையும் இல்லை, அட்டவணையின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

வாக்கரின் முதல் வகையில் ஏ, பி, சி என்பவை முடியிழையின் தடிமனைக் குறித்தன: மெல்லியது, நடுத்தரம், தடித்தது. மூன்றாம் வகைக்கு வந்ததும் அதே எழுத்துகள் சுருளின் இறுக்கத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டன. அதாவது நேர்முடிக்காரருக்கு இழையின் தடிமனைச் சொல்லும் அட்டவணை, சுருள்முடிக்காரருக்கு அதைச் சொல்வதே இல்லை. மிக நெருங்கிய சுருளுக்கு அவர் முதலில் இரண்டே பிரிவுகள் வைத்தார். 3சி, 4சி ஆகியவை பின்னர் சுருள்முடிப் பெண்கள் தங்கள் முடிக்கு இடமில்லையே என்று சேர்த்துக்கொண்டவை. அவற்றில் 4சி என்பது இன்றும் 'தெளிவான சுருள் தெரியாதது' என்று, இல்லாத ஒன்றைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. வாக்கரே 2011-இல் ஒரு பேட்டியில், மிக நெருங்கிய சுருள்முடிக்கு அலங்கார வாய்ப்புகள் குறைவு என்றும், வேதிப்பொருளால் நேராக்கும்படி தாம் பரிந்துரைப்பது அந்த வகைக்கு மட்டுமே என்றும் சொல்லிப் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தார். வகைப்படுத்துகிறவரின் விருப்பம் வகைக்குள் நுழைவது இப்படித்தான்.

குளச்சல் அம்மா:
எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். ஒரு வருடமாக என் முடி விறைத்து, சீப்பு உள்ளே போவதில்லை. அப்படியானால் நானும் 4-ஆம் வகைக்கு மாறிவிட்டேனா?

முடி ஆய்வகத்தில் இருந்தவர்:
இல்லை அம்மா. கடின நீரிலுள்ள கால்சியம் இழையின்மேல் படிவதால் முடி விறைப்பதுண்டு, ஆனால் சுருளின் வளைவு வேர்ப்பையின் வடிவத்தோடு தொடர்புடையது. சில வாரங்கள் மழைநீரில் அலசிப் பாருங்கள், விறைப்பு குறைந்தால் காரணம் தண்ணீர்தான். சரியாகாவிட்டால் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:
நீங்கள் சொன்ன குறைகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாற்று என்ன? ஒவ்வொரு தலையையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா?

முடி ஆய்வகத்தில் இருந்தவர்:
வீட்டிலேயே அளக்கலாம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாட்டு மக்களின் முடியை இனப்பெயர் எதுவும் இல்லாமல், வளைவின் விட்டம் போன்ற அளவுகளை மட்டும் கொண்டு எட்டு வகைகளாகப் பிரித்தது. அதே எண்ணத்தை எளிதாக்கி, என் தங்கை மகளின் முடியில் செய்து பார்த்தேன். எண்ணெயும் கிரீமும் போகத் தலையை அலசியபின், நெற்றிப்பொட்டு, உச்சி, பிடரி ஆகிய மூன்று இடங்களிலிருந்து மும்மூன்று இழைகளை எடுத்தோம். அவற்றை ஒரு கிண்ணத் தண்ணீரில் நனைத்து, தட்டையான கண்ணாடியில் இழுக்காமல் கிடத்தி, தானாக உலரவிட்டோம். காம்பஸால் வரைந்த வட்டங்களை அடியில் வைத்து, வளைவு எதோடு பொருந்துகிறது என்று பார்த்தோம். நெற்றிப்பொட்டில் சுமார் 3 செ.மீ., உச்சியில் 1.5 செ.மீ., பிடரியில் 1 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. அட்டவணைப்படி ஒரே தலையில் 3ஏ முதல் 3சி வரை மூன்றும் இருந்தன. தக்கலை வாசகியின் மகளுக்கும் பார்லரில் பிடரியைப் பார்த்திருக்கலாம், தளத்தின் படம் நெற்றிப்பொட்டு முடியோடு ஒத்திருக்கலாம், அதனால் அவர் கேட்ட இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வாய்ப்புண்டு.

கிடந்தபடி 9 செ.மீ. இருந்த ஓர் இழையை மெல்ல நீட்டினால் 14 செ.மீ. வந்தது. வெட்டும்போது இந்தச் சுருக்கத்தை மறந்தால், நனைந்த நீளத்தை நம்பி வெட்டிய முடி உலர்ந்ததும் காதுக்கு மேலே ஏறிவிடும்.

தக்கலை வாசகி:
அப்படியானால் கிரீம் எதைப் பார்த்து வாங்குவது?

முடி ஆய்வகத்தில் இருந்தவர்:
இழையின் தடிமன், முடியின் அடர்த்தி, நீரை உறிஞ்சும் வேகம் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றில் எதையும் 3சி என்ற குறி சொல்வதில்லை. மெல்லிய இழை கனமான கிரீமில் தொங்கிப்போகும், தடித்த இழை அதையே தாங்கும். நம் தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். அது இழைக்குள் ஊடுருவி அலசும்போது புரத இழப்பைக் குறைக்கிறது, ஆனால் மெல்லிய சுருளில் அதிகமாகப் பூசினால் சுருள் படிந்து நேர்முடி போலத் தோன்றும். மகள் எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல் போடுகிறவள் என்றால், பின்னலை அவிழ்த்தவுடன் பார்க்கும் அலை அவளுடைய இயல்பான சுருள் இல்லை.

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:
கண்ணாடித் தட்டு முறையைச் செய்து பார்க்கிறேன். ஆனாலும் படங்களை நான் விடப்போவதில்லை, ஏனென்றால் வருகிறவர் 'இது மாதிரி' என்று விரல் வைத்துக் காட்ட ஏதாவது வேண்டும்.

வரலாற்று மாணவன், நாகர்கோவில்:
படம் இருக்கட்டும் அக்கா. ஆனால் நேர்முடி எப்போதும் 1 என்று தொடங்கி, சுருள் கூடக்கூட எண் ஏறுவது ஏன்? என் தங்கையின் வகுப்பில் "நீ 4-ஆ?" என்பதை ஒரு குறையைக் கேட்பதைப் போலக் கேட்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் அதே கேள்வி அப்படி ஒலிக்குமா?

முடி ஆய்வகத்தில் இருந்தவர்:
விட்டத்தை செ.மீ.யில் எழுதினால் வரிசை எண்ணே தேவையில்லை தம்பி. ஆனால் கடைக்காரர்கள் அதை ஏற்பார்களா என்பதை என்னால் சொல்ல முடியாது, அவர்கள் அலமாரிகள் அந்த எண்களின்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

தக்கலை வாசகி:
ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை அலசும் நாள். மூன்று இடங்களிலும் அளந்து இங்கே எழுதுகிறேன். பிடரியில் இழை எடுக்க அவள் சம்மதிக்கமாட்டாள், சீப்பில் தங்கும் முடியைப் பயன்படுத்தலாமா?

முடி ஆய்வகத்தில் இருந்தவர்:
பயன்படுத்தலாம். ஆனால் பிடரியை மட்டும் தனியாகச் சீவி, அதில் வரும் முடியைப் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் எந்த இடத்து இழை என்று தெரியாது.